முதல் யூ.எக்ஸ். திட்டம் ஃபிளெக்ஸ் கடையிலேயே இருக்கிறது

*ஐயா, வணக்கம். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 26. பி.இ. மின்னணுவியல் முடித்தேன். வளாகத் தேர்வில் எதுவும் அமையவில்லை. தருமபுரியில் ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கும் ஒரு கடையில் டிசைனராகச் சேர்ந்து மூன்று வருடம் ஓடிவிட்டது. கோரல்டிரா, போட்டோஷாப் இரண்டும் நன்றாகத் தெரியும். முகூர்த்த மாதங்களில் இரவு பதினொன்று வரை வேலை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பெயர் தப்பு, இனிஷியல் தப்பு என்று ஏதாவது ஒரு ஃபிளெக்ஸ் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது; முதலாளி முகம் கறுக்கிறது.*

*யூ.எக்ஸ்., அதாவது பயனர் அனுபவ வடிவமைப்புத் துறைக்கு மாற நினைக்கிறேன். யூடியூப் பார்த்து ஃபிக்மா என்ற திரை வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். பிரபலமான ஓர் உணவு டெலிவரி செயலியை முழுவதுமாக மறுவடிவமைப்பு செய்து, 40 திரைகள் வரைந்து, டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் போட்டேன். பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். பெங்களூர் நிறுவனங்கள் பலவற்றுக்கு அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு இல்லை. பெங்களூரில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாதப் படிப்புக்கு 1,40,000 ரூபாய் கேட்கிறது. வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள், தவணைக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? கோடிங்கும் கற்றுக்கொள்ள வேண்டுமா? என் ஆங்கிலம் சுமார்தான்.*

*— பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்*

---

தம்பி, உங்கள் கடிதத்தோடு வந்த பிஹான்ஸ் இணைப்பைத் திறந்து பார்த்தேன். வண்ணத் தேர்வும் எழுத்து அடுக்கும் நன்றாகவே இருக்கின்றன. மூன்று வருடம் தினமும் பத்து டிசைன் முடித்த கை என்பது தெரிகிறது. ஆனால் ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, இரண்டாவது திரையைத் தாண்டுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது. இந்தச் செயலியில் யாருக்கு என்ன கஷ்டம் இருந்தது? அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நாற்பது திரைகளில் எங்கும் இதற்குப் பதில் இல்லை.

இதை உங்கள் குறையாகச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியில் இருக்கும் யாருக்கும் தெரியாது. ஆர்டரை எந்தத் திரையில் பாதியில் விடுகிறார்கள், எந்தப் பொத்தானை உணவகங்கள் வற்புறுத்தி வைக்கச் சொன்னார்கள், எது சட்டத்துக்காக வைத்தது, எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் நீங்கள் மாற்றியவை எல்லாம் தோற்றம் மட்டுமே. தோற்றத்தை மாற்றியவர்களின் கோப்புகள் ஒவ்வொரு வேலை அறிவிப்புக்கும் குவிகின்றன. அதே ஐந்தாறு செயலிகள், அதே மூன்று வண்ணங்கள். அந்தக் குவியலில்தான் உங்கள் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாற்பதை எண்பதாக்கினாலும் இதே கதைதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி வேறொன்று. பெயர் தப்பாகி ஃபிளெக்ஸ் திரும்பி வருகிறது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் முதல் திட்டம் அந்த வரியில்தான் இருக்கிறது. மெனக்கெட்டுத் தேடினாலும் வெளியாள் ஒருவருக்கு இப்படி ஓர் இடம் கிடைக்காது. தவறு நடக்கும்போது நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், மறு அச்சுக்கு ஆகும் செலவு முதலாளிக்குத் தெரியும். இதைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகம், பிறகுதான் ஃபிக்மா

மூன்று வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் எப்படி வந்தது: துண்டுச் சீட்டிலா, வாட்ஸ்அப் எழுத்திலா, குரல் பதிவிலா, பழைய பத்திரிகையின் போட்டோவாகவா? யார் டைப் செய்தது? எத்தனை முறை திருத்தம் வந்தது? தவறு இருந்தால் அது எப்போது கண்ணில் பட்டது: அச்சுக்கு முன்பா, கடையில் விரித்தபோதா, மண்டபத்தில் கட்டிய பிறகா? ‘ஓகே’ என்று பதில் போட்டவர் யார்?

கடைசிக் கேள்வியை அசட்டையாக விடாதீர்கள். காதணி விழா ஃபிளெக்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைக்கு வந்து ஆர்டர் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டில் பைக் வைத்திருக்கும் இளைஞர். தாய்மாமன்களில் யார் பெயர் முதலில் வர வேண்டும், எந்தப் பெரியப்பாவுக்கு எந்த இனிஷியல் என்பதெல்லாம் அவருக்குப் பாதிதான் தெரியும். தெரிந்தவர் வீட்டில் இருக்கும் பெரியவர். அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் புரூஃப் அவர் கையில் போய்ச் சேரவே இல்லை. சம்மதம் சொல்பவர் ஒருவர், விவரம் தெரிந்தவர் வேறொருவர். இதை உங்கள் நோட்டு உறுதிப்படுத்தலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் இப்படி ஒரு கோணத்தில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரிந்தாலே, நேர்காணலில் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வாடிக்கையாளர்களிடம் பேசும்போது ஒரு கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ‘இதற்கு ஓர் ஆப் இருந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் மனம் வாடக் கூடாது என்பதற்காகவே ஆமாம் என்பார்கள். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள். ‘போன முறை தப்பு வந்ததே, புரூஃப் வந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள்? அதில் எதைப் பார்த்தீர்கள்? வீட்டில் வேறு யாராவது பார்த்தார்களா?’ பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்தேன், போட்டோ நன்றாக விழுந்திருந்தது, ஓகே போட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். இதற்கு உங்கள் அச்சு அனுபவமே போதும். பத்து அடி அகல ஃபிளெக்ஸ் என்றால் சுமார் 305 சென்டிமீட்டர். நிமிர்த்திப் பிடித்த போனில் அந்தப் படம் சுமார் 7 சென்டிமீட்டர் அகலத்தில் தெரியும். ஃபிளெக்ஸில் மூன்று அங்குல உயரத்தில் நீங்கள் வைத்த பெயர், போனில் 1.7 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. கீழே உறவினர் வரிசையில் இரண்டு அங்குலத்தில் வைத்தது 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த அளவில் ‘ன’வா ‘ண’வா, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். பெரிதாக்கிப் பார்க்கிறார்களா என்று நான்கு பேருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆக, ‘சரிபாருங்கள்’ என்று நீங்கள் அனுப்புவது சரிபார்க்கவே முடியாத ஒன்று. தவறுக்கு வாடிக்கையாளரின் அலட்சியத்தைக் காரணம் சொல்வதை அந்தக் கணக்கோடு நிறுத்திவிடலாம்.

ஆப் வேண்டாம், ஒரு பட்டியல் போதும்

இந்த இடத்தில்தான் பலரும் ஃபிக்மாவைத் திறந்து ‘ஃபிளெக்ஸ் ஆர்டர் ஆப்’ என்று வரையத் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஃபிளெக்ஸ் அடிக்க வருபவர் அதற்காக ஓர் ஆப்பை இறக்கிக்கொள்ள மாட்டார். அவர் ஏற்கெனவே இருப்பது வாட்ஸ்அப்பில். அங்கேயே என்ன செய்ய முடியும் என்று யோசியுங்கள்.

ஒரு வழி, படத்தோடு சேர்த்துப் பெயர்களை மட்டும் எண் போட்ட எழுத்துப் பட்டியலாக அனுப்புவது. 1. விழா நாள், கிழமை. 2. குழந்தையின் பெயர். 3. தாய்மாமன், இனிஷியலோடு. இப்படி. ‘தப்பு இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கீழே ஒரு வரி. போனில் வழக்கமான எழுத்து அளவில் தெரியும், வீட்டுப் பெரியவருக்கு அப்படியே முன்னனுப்பலாம், படிக்கச் சிரமப்படுபவருக்கு ஒருவர் வாய்விட்டு வாசித்துக் காட்டலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யப் போனால் உடனே ஒரு முட்டுக்கட்டை வரும். அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்து வைத்திருப்பீர்கள். கோரல்டிராவில் ‘தமிழ்’ என்று தெரிவதை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் `jkpo;` என்று வந்து நிற்கும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். எனவே பட்டியலைத் தனியாக மறுபடி டைப் செய்ய வேண்டும். இரண்டு முறை டைப் செய்தால் இரண்டிலும் வேறு வேறு தவறுகள் நுழையும். பட்டியல் சரியாக இருக்கும், ஃபிளெக்ஸ் தப்பாக இருக்கும்.

இதற்குத் தீர்வு வேலையின் வரிசையைத் திருப்பிப் போடுவது. முதலில் பெயர்களை, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் டைப் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். சம்மதம் வந்த அதே எழுத்தை எழுத்துரு மாற்றி மூலம் பாமினிக்கு மாற்றி டிசைனில் வையுங்கள். மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்ற இடங்கள் சில மாற்றிகளில் உடையும். அவற்றை மட்டும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் சரிபார்ப்பு டிசைனுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பெயர் திருத்தத்துக்காக முடிந்த டிசைனைக் கலைக்கும் வேலையும் குறையும். கவனித்தீர்களா, இதுவரை ஒரு திரைகூட வரையவில்லை. ஆனால் இதற்குள் செய்தது அத்தனையும் யூ.எக்ஸ். வேலைதான்.

இனிச் சோதனை. பொய்யாக ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ் தயாரியுங்கள். அதில் தெரிந்தே நான்கு தவறுகளை வையுங்கள். ஓர் இனிஷியல் மாறியிருக்கட்டும், ஓரிடத்தில் ‘ன’வுக்கு ‘ண’, தேதிக்குப் பொருந்தாத கிழமை, வரிசை மாறிய இரண்டு பெயர்கள். சரிபார்ப்பவர் ஒவ்வொருவர் கையிலும் சரியான விவரங்கள் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுங்கள். ஐந்து பேருக்குப் புரூஃபைப் படமாக மட்டும் அனுப்பி, யார் எத்தனை தவறு பிடிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு ஐந்து பேருக்குப் பட்டியலாக அனுப்புங்கள். ஒருவருக்கே இரண்டையும் காட்டாதீர்கள். முதலில் கண்ட தவறு இரண்டாவதில் நினைவிலிருந்து வந்துவிடும். அவர்கள் பார்க்கும்போது உதவிக்குப் போகாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பது கஷ்டம். ஆனாலும் நில்லுங்கள்.

ஐந்து பேர் போதுமா என்று கேட்பீர்கள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதிலிருந்து ‘ஐந்து பேர்’ என்பது இந்தத் துறையில் மந்திரம்போல ஆகிவிட்டது. அவர் சொன்னது, ஒரே வகையான பயனர்களில் ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான தடங்கல்கள் வெளியில் வந்துவிடும் என்பதைத்தான். எந்த முறை எவ்வளவு சிறந்தது என்று அளந்து சொல்ல ஐந்து பேர் போதாது. ஆகவே ‘தவறுகள் 60 சதவீதம் குறைந்தன’ என்று எழுதிவிடாதீர்கள். ‘படம் பார்த்த ஐவரில் ஒருவர்தான் கிழமைத் தவறைப் பிடித்தார், பட்டியல் பார்த்த ஐவரில் நால்வர் பிடித்தனர்’ என்பதுபோல, கண்டதை அப்படியே எழுதுங்கள். சிறிய எண்ணைச் சதவீதமாக்கி ஊதிப் பெருக்கும் விண்ணப்பங்களை நாங்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுகிறோம்.

முதல் சுற்றிலேயே எல்லாம் சரியாகிவிடாது. பட்டியலுக்கும் படிக்காமலே ‘ஓகே’ போடும் ஆட்கள் இருப்பார்கள். அப்போது கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘சரிதானே?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்வது சுலபம். ‘முதலில் வர வேண்டிய தாய்மாமன் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது?’ என்று கேட்டால் படித்தே ஆக வேண்டும். இந்த மாற்றம் சிலருக்கு எரிச்சலூட்டவும் கூடும்; அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடையில் இதை நிஜமாகவே நடைமுறைப்படுத்தி, மறுபடி மூன்று வாரம் நோட்டு எழுதுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வைகாசியில் எடுத்த முதல் கணக்கை ஆடியில் எடுத்த இரண்டாவது கணக்கோடு வைத்துப் பார்த்தால், ஆடியில் வீட்டு விசேஷங்கள் குறைவு என்பதால் தவறு தானாகவே குறைந்திருக்கும். வாரத்துக்கு எத்தனை என்று பார்க்காதீர்கள். நூறு ஆர்டருக்கு எத்தனை திரும்பி வந்தன என்று பாருங்கள். வேலை நெருக்கடியே தவறுக்கு ஒரு காரணம் என்பதால், முடிந்தால் இரண்டு கணக்கும் முகூர்த்த மாதங்களிலேயே விழும்படி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இப்போது திரை வரையுங்கள், ஆனால் அச்சுப் பழக்கத்தைக் கவனியுங்கள்

இத்தனைக்கும் பிறகு, கடைக்காரர் விவரங்களை உள்ளிட்டால் பட்டியல் தானாக உருவாகும்படி ஒரு சிறிய போன் படிவத்தை ஃபிக்மாவில் வரையலாம். ஆறு திரை போதும். தொழிலில் ஊறிய கை அழகாகவே வரைந்துவிடும். ஆனால் அந்தக் கை சில இடங்களில் இடறும்.

அச்சில் ஒரு டிசைன் முடிந்தால் முடிந்தது. பெயர் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். திரையில் அந்தப் பெட்டிக்குள் எந்தப் பெயர் வரும் என்று தெரியாது, ‘கா. மணி’யும் வரும், பட்டங்களோடு சேர்ந்த இரண்டு வரிப் பெயரும் வரும். பெயர் எதுவும் இல்லாத திரை, பாதி நிரப்பிய திரை, தேதியும் கிழமையும் பொருந்தாதபோது எச்சரிக்கும் திரை, இணையம் அறுந்துபோன திரை, இவற்றை எல்லாம் நீங்கள் தனித்தனியாக வரைய வேண்டும். அச்சிலிருந்து வருபவர்களின் கோப்புகளில் எப்போதும் எல்லாம் சரியாக நிரம்பிய ஒரே ஒரு திரைதான் இருக்கும். பார்ப்பவர் முதலில் தேடுவது இந்த விடுபட்ட திரைகளைத்தான். இங்கே உங்கள் பொறியியல் படிப்பு கை கொடுக்கும். ஒரு மின்சுற்றில் எந்தெந்த நிலைகள் வரலாம் என்று எண்ணிப் பழகியவருக்கு இது புதிதல்ல.

இன்னொன்று, தமிழ். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் ‘பட்டியலை அனுப்பு’ என்று இரண்டு மடங்குக்கும் மேல் அகலம் கேட்கும். கொக்கியும் விலங்கும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு இடையில் கூடுதல் இடைவெளி வேண்டும். ஆங்கில மாதிரிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் விழ வேண்டியதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் வழிகாட்டி, இது சாதாரண அளவு எழுத்துக்கு. விரல் படும் இடங்கள் ஆண்ட்ராய்டின் திரை அலகில் 48 டிபி அளவாவது இருக்கட்டும். கடை வாசல் வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தாலே இவை எதற்கு என்று புரிந்துவிடும்.

இதை எல்லாம் ஒரு கட்டுரையாக எழுதும்போது, நோட்டுப் பக்கத்தின் போட்டோ, 1.7 மில்லிமீட்டர் கணக்கு, பாமினி முட்டுக்கட்டை, பலிக்காமல் போன முயற்சி, கடைசியாகத் திரைகள் என்று நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்கும்படி இருக்கட்டும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. வாடிக்கையாளர்களின் நிஜப் பெயரோ, படமோ, போன் எண்ணோ அதில் வரக் கூடாது. காதணி, மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ்களில் இருப்பவை குழந்தைகளின் முகங்கள். உங்கள் கணினியில் இருக்கிறது என்பதாலேயே அவற்றை இணையத்தில் போடும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. எல்லாவற்றையும் கற்பனைப் பெயர்களாக மாற்றுங்கள். கடையின் பெயரையும் மறு அச்சுச் செலவையும் வெளியிடுவதற்கு முதலாளியிடம் வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால் ‘தருமபுரியில் ஓர் அச்சுக் கடை’ என்று எழுதினால் போதும்.

அந்த 1,40,000 ரூபாய்

என் அபிப்பிராயம்: இப்போது சேராதீர்கள். அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தையும் அனுப்பியிருந்தீர்கள். கடைசி இரண்டு மாதத் திட்டப்பணி மறுபடியும் ஒரு பிரபலச் செயலியின் மறுவடிவமைப்பு. நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டதை வட்டி கட்டி இன்னொரு முறை செய்வீர்கள்.

‘வேலைக்கு உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் இருப்பது ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். நேர்காணலுக்கு அனுப்புவதையே உத்தரவாதம் என்று எழுதியிருப்பதும், இத்தனை சதவீத வருகை, இத்தனை தேர்வு என்று நிபந்தனைகள் அடுக்கியிருப்பதும் வழக்கம். கடனைப் பொறுத்தவரை, நிறுவனம் ஏற்பாடு செய்தாலும் கையெழுத்து போடப்போவது உங்களுக்கும் கடன் கொடுக்கும் கம்பெனிக்கும் இடையில். படிப்பு பிடிக்காமல் இரண்டாம் மாதம் நின்றாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணில்தான் அடி விழும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் காட்டும் பழைய மாணவர்களில் இருவரிடம், அவர்கள் அறிமுகம் இல்லாமல் லிங்க்ட்இன் வழியாக நீங்களே பேசிப் பாருங்கள்.

முறைப்படி படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் வேறொரு கதவு இருக்கிறது. உங்களிடம் பி.இ. பட்டம் இருக்கிறது; ஐஐடி பம்பாய் ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்தும் சீட் என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை எழுதலாம், வயது வரம்பு கிடையாது. அதை வைத்து ஐஐடிகள் சிலவற்றிலும் பெங்களூர் ஐஐஎஸ்சியிலும் காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்மிலும் எம்.டெஸ். என்ற இரண்டு வருட வடிவமைப்பு முதுகலைப் படிப்பில் சேரலாம். போட்டி கடுமை, வரையத் தெரிந்த பொறியாளர் என்பது அங்கே உங்களுக்குச் சாதகம். அதுவரை என்பிடெல் இணையதளத்தில் வடிவமைப்புப் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம்.

கோடிங், ஆங்கிலம், பெங்களூர்

கோடிங் முழுதாகக் கற்க வேண்டியதில்லை. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் ஓர் இணையப் பக்கம் உருவாக்கும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வரைந்ததில் எது சுலபம், எது டெவலப்பரின் கழுத்தை நெரிக்கும் என்று புரிய அது போதும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஆறுதல் சொல்லி ஏமாற்ற மாட்டேன். பெங்களூரில் இந்த வேலை பாதி பேச்சுதான், அந்தப் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். இலக்கணப் பிழை பெரிய விஷயமில்லை. நீங்கள் எடுத்த ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று விளக்க முடியாமல் நிற்பதுதான் விஷயம். உங்கள் ஃபிளெக்ஸ் திட்டத்தைப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லி, போனில் பதிவு செய்து, கேட்டுத் திருத்துங்கள். வேறெதையும் பேசிப் பழக வேண்டாம், இது ஒன்று போதும். நேர்காணலில் அதிக நேரம் கேட்கப்படுவது இதுதான்.

கடை வேலையை இப்போது விடாதீர்கள். விட்டால் சம்பளம் மட்டுமல்ல, சோதித்துப் பார்க்க இருக்கும் இடமும் போய்விடும். இரண்டாவது திட்டத்துக்கு, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் உங்கள் வகுப்புத் தோழர் யாராவது இருந்தால் அவரைப் பிடியுங்கள். இயந்திரத்தை இயக்குபவர்கள் பார்க்கும் தொடுதிரைப் பலகையில் எந்த எச்சரிக்கையை மதிக்கிறார்கள், எதைப் பார்க்காமலே தட்டி அணைக்கிறார்கள் என்று ஷிப்ட் முடிந்தபின் அவர்களிடம் விசாரித்தாலே பெரிய விஷயம் கிடைக்கும். மின்னணுவியல் படித்த உங்களுக்கு அது பழகிய களம். ஃபிளெக்ஸ் கடையிலிருந்து வந்த இன்னொருவருக்கு அது கிடைக்காது. ஆலைக்குள் போட்டோ எடுக்காதீர்கள், கம்பெனியின் திரையை அப்படியே வரைந்து வெளியிடாதீர்கள். தோழரின் வேலைக்கு ஆபத்து. பொதுவான வடிவத்தில் மாற்றி வரையுங்கள்.

விண்ணப்பிக்கும்போது பெரிய பெயர்களை மட்டும் பார்க்காமல், தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனங்களைப் பாருங்கள். ‘யூ.ஐ./யூ.எக்ஸ். டிசைனர்’ என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, சேர்ந்த பிறகு தீபாவளி வாழ்த்து போஸ்டர் செய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. ‘கடைசியாக உங்கள் பயனர் ஒருவரிடம் எப்போது பேசினீர்கள்?’ என்று நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். விழித்தால் விஷயம் புரிந்துவிடும். தேர்வுக்காக வீட்டுப்பாடம் கொடுத்தால், ஒரு வார இறுதியில் முடியக்கூடியதாக இருந்தால் செய்யுங்கள். அவர்களுடைய நிஜப் பொருளுக்கே முழு வடிவமைப்பு கேட்டால் அது சம்பளமில்லா வேலை. மூலக் கோப்பைக் கொடுக்காமல் பி.டி.எஃப். மட்டும் அனுப்புங்கள். பயிற்சிப் பணிக்கு உங்களிடமே பணம் கேட்பவர்களுக்குப் பதில்கூட எழுத வேண்டாம்.

உணவுச் செயலியின் நாற்பது திரைகளை அழிக்க வேண்டியதில்லை. போர்ட்ஃபோலியோவின் கடைசியில் ‘திரை வடிவமைப்புப் பயிற்சி’ என்ற தலைப்பில் நான்கை மட்டும் வையுங்கள். மூன்று வாரக் குறிப்பு முடிந்ததும் நோட்டின் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர்களை அடித்துவிட்டு அனுப்புங்கள்.